சூடான ஓவன் கண்ணாடியில் ஈரத்துணி வேண்டாம்: ஆவி படிவதும் கேஸ்கட் தளர்வதும்

சிங்கப்பூரில் வாடகைக்கு வீடு எடுக்கும்போது, அடுப்புக்குக் கீழேயோ அலமாரிக்குள்ளோ ஓர் ஓவன் பதித்தபடியே கிடைப்பதுண்டு. ஊரில் ஓவன் வைத்துப் பழகாதவர்களுக்கு அதில் முதலில் கண்ணை உறுத்துவது கதவுக் கண்ணாடிதான். கேக்கை உள்ளே வைத்த கொஞ்ச நேரத்தில் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து வெளுத்துவிடும். உள்ளே மாவு எழும்புகிறதா, கருகுகிறதா, ஒன்றும் தெரியாது. கை தானாக ஈரத்துணியைத் தேடும்.

இந்தப் பழக்கம் நமக்குத் தோசைக்கல்லிலிருந்து வந்தது. காய்ந்த கல்லில் தண்ணீரைத் தெளித்து, சுர்ரென்று அடங்கியதும் ஒரு துடை துடைத்து, அடுத்த தோசையை ஊற்றுவோம். இரும்புக் கல் அதை வருடக்கணக்கில் தாங்கும். ஓவன் கதவின் கண்ணாடி தாங்காது. அது மட்டுமல்ல, கண்ணாடியில் வரும் ஆவிக்குத் துடைப்பே பெரும்பாலும் தேவையில்லை. போகாமல் நிற்கும் மங்கலோ, பல வீடுகளில், சூட்டோடு ஈரத்துணி போட்டதாலேயே வந்த மங்கல். அதனால் துணியை எடுக்கும் முன் அந்த மங்கல் எங்கே இருக்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்க்கப் பழகுங்கள்.

முதலில், மங்கல் எங்கே இருக்கிறது?

ஓவன் கதவில் இருப்பது ஒரே கண்ணாடி அல்ல. வெளியே ஒன்று, உள்ளே ஒன்று, சில மாடல்களில் நடுவே ஒன்றோ இரண்டோ கூட இருக்கும். அவற்றுக்கு இடையே காற்று ஓட இடம் விட்டிருப்பார்கள். கதவின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் உற்றுப் பாருங்கள், நீளமான இடுக்கோ சிறு துளைகளோ தெரியும். வெளிக் கண்ணாடி கையைச் சுடாமல் இருப்பதற்காகவே அந்தக் காற்றோட்டம். கண்ணாடிகளுக்கு நடுவே உள்ள இடம் மூடி முத்திரையிட்ட இடம் அல்ல என்பதை மனதில் வையுங்கள். ஆவியும் அங்கே போகும், தண்ணீரும் அங்கே போகும்.

ஓவனைப் போட்டதும் முதல் பத்துப் பதினைந்து நிமிடத்தில் வரும் ஆவி இயல்பானது. நம் சமையலறைக் காற்றே ஈரமானது, வைக்கும் பண்டத்திலும் ஈரம் இருக்கும். உள்ளே சூடேறும்போது அந்த ஈரம் ஆவியாகி, இன்னும் குளிர்ந்திருக்கும் கண்ணாடியில் போய்ப் படிகிறது. கண்ணாடியும் சூடேறியதும் படிந்தது மறுபடி ஆவியாகிப் போய்விடும். இருபது நிமிடம் பொறுத்ததும் கண்ணாடி தெளிந்து, ஒரு தடமும் மிஞ்சாவிட்டால் அங்கே பழுது ஒன்றுமில்லை. புது ஓவனில் முதல் சில தடவை கூடுதலாகவே ஆவி வரும், ஏனென்றால் சுவருக்குள் இருக்கும் காப்புப் பஞ்சும் தன் ஈரத்தை விடும். உறைந்த பீட்சா, தண்ணீர் விடும் காய்கறி, தட்டில் நீர் வைத்துச் செய்யும் கேக் போன்றவற்றுக்கும் அப்படித்தான். அதையெல்லாம் துடைக்கவே வேண்டாம்.

ஓவன் முழுதும் ஆறிய பிறகும், டார்ச் அடித்துப் பார்த்தால் அதே இடத்தில் தெரியும் மங்கல் வேறு வகை. விரலால் உள் கண்ணாடியின் முகத்தைத் தடவிப் பாருங்கள். விரலுக்குப் பிசுக்காக அகப்பட்டால் அது வெறும் எண்ணெய்ப் படலம். விரலுக்கு அகப்படாமல், வழிந்த கோடுகளாகக் கண்ணாடிக்குள்ளே தெரிந்தால், யாரோ தண்ணீர் சொட்டும் துணியால் துடைத்தபோது மேல் இடுக்கு வழியாக இறங்கிய சோப்புத் தண்ணீர் காய்ந்த தடம் அது. அதை ஆவி என்று நினைத்து மறுபடி ஈரத்துணி போட்டால் கோடு ஒன்று கூடும். அவ்வளவுதான் நடக்கும்.

மூன்றாவதுதான் கவனிக்க வேண்டியது. கண்ணாடிக்கு வெளியே, கதவின் ஓரத்தில் ஆவி கசிவது. கதவின் பக்கவாட்டில் ஓரிடத்தில் மட்டும் ஈரம் பூத்திருக்கும், ஒட்டியிருக்கும் அலமாரிப் பலகையின் விளிம்பு ஊதிப் பெருத்திருக்கும், கேக் ஒரு பக்கம் மட்டும் வெளிறிப் போகும். இங்கே கேஸ்கட்டைச் சந்தேகிக்கலாம்.

கேஸ்கட்டைச் சோதிப்பது

குக்கர் மூடிக்குள் இருக்கும் கேஸ்கட் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். ஓவன் கேஸ்கட்டுக்கு அந்த வேலை இல்லை. கதவுக்கும் ஓவன் வாய்க்கும் நடுவே சூடு ஓடிவிடாமல் அணைத்து நிற்பதுதான் அதன் வேலை. இரண்டு வகை உண்டு. ஒன்று, சிலிகான் ரப்பர், வழவழவென்று இருக்கும். மற்றது கண்ணாடி நாரைப் பின்னி உள்ளே கம்பி வைத்த கயிறு, தொட்டால் துணி போல இருக்கும். கழுவாமலேயே மிக அதிகச் சூட்டில் அழுக்கை எரித்துச் சாம்பலாக்கும் ஓவன்களில் இந்த நார்க் கயிற்றைப் பார்க்கலாம். பெரும்பாலான மாடல்களில் கேஸ்கட்டை ஒட்டியிருக்க மாட்டார்கள். மூலைகளில் சின்னக் கம்பிக் கொக்கிகள் இருக்கும், அவை ஓவன் வாயின் சட்டத்தில் உள்ள துளைகளில் மாட்டிக்கொள்ளும்.

சோதனையைத் தொடங்கும் முன் ஒரு விஷயம். சில ஓவன்களில் கேஸ்கட் மேலேயும் இரு பக்கங்களிலும் மட்டும் இருக்கும், கீழே இருக்காது. அது அறுந்துபோனது அல்ல, அமைப்பே அப்படி. கீழே காணோமே என்று பதறி வீட்டு உரிமையாளருக்குச் செய்தி அனுப்பும் முன், கீழ்ச் சட்டத்தில் கொக்கி மாட்டும் துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். துளையே இல்லையென்றால் கேஸ்கட்டும் கிடையாது.

ஓவன் முழுக்க ஆறியிருக்க வேண்டும், சுவர் சுவிட்சும் அணைந்திருக்க வேண்டும். ஒரு சாதாரணத் தாளை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்துக்கொள்ளுங்கள். கதவைத் திறந்து, தாளின் பாதி உள்ளே, பாதி வெளியே இருக்கும்படி கேஸ்கட்டின் மேல் வைத்துக் கதவை மூடுங்கள். பிறகு தாளை மெல்ல இழுங்கள். பிடித்துப் பிடித்து வந்தால் அந்த இடத்தில் கேஸ்கட் கதவைத் தொடுகிறது. வழுக்கிக்கொண்டு வந்தால் தொடவில்லை. மேல் இடது மூலையில் தொடங்கி ஒரு சாண் விட்டு ஒரு சாண் சுற்றிலும் இப்படிப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் தாள் சும்மா வந்தால் அங்கே கேஸ்கட் நசுங்கியிருக்கும், வெடித்திருக்கும், அல்லது கொக்கி கழன்றிருக்கும். ஒரு பக்கம் முழுக்கச் சும்மா வந்தால் பழுது கேஸ்கட்டில் இருக்காது, கீலில் இருக்கும். கதவு ஒரு பக்கம் தொங்குகிறது. கதவின் மேல் தட்டை வைத்து அழுத்துவது, குழந்தைகள் அதைப் பிடித்துத் தொங்குவது எல்லாம் கீலைக் கெடுக்கும். கீல் வேலையை ஆளைக் கூப்பிட்டுச் செய்வதே நல்லது. அதன் ஸ்பிரிங் திடீரென்று மடிந்தால் விரல் சிக்கிக்கொள்ளும், கதவும் கனம்.

தாளில் தெரிந்ததை ஆவியை வைத்தும் உறுதிப்படுத்தலாம். ஓவன் தாங்கும் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, 150 டிகிரியில் இருபது நிமிடம் விடுங்கள். உலர்ந்த எவர்சில்வர் கரண்டி ஒன்றை, கையில் ஓவன் கையுறையோடு, கதவின் பக்கவாட்டு விளிம்புக்கு அருகே ஒரு விரல் தள்ளிப் பிடியுங்கள். ஆவி கசியும் இடத்தில் கரண்டி மங்கும். இதைக் கதவின் மேல் விளிம்பில் செய்யாதீர்கள். பதித்த ஓவன்களில் குளிர்விக்கும் விசிறி, கதவுக்கும் பொத்தான் பலகைக்கும் நடுவே உள்ள இடுக்கு வழியாகத்தான் காற்றை வெளியே தள்ளும். அங்கே வெதுவெதுப்பான காற்றும் கொஞ்சம் ஈரமும் வருவது இயல்பு. கேஸ்கட் போய்விட்டது என்று நிறையப் பேர் தவறாக நினைப்பது இதை வைத்துத்தான்.

ஒரு வீட்டில் பார்த்தது

செங்காங்கில் வாடகைக்கு இருக்கும் ஒரு தோழி, தீபாவளிக்கு நெய் பிஸ்கட்டும் அன்னாசிப் பழ டார்ட்டும் செய்யத் தொடங்கியபோது, கண்ணாடி எப்போதும் மங்கலாகவே இருப்பதாகச் சொன்னார். இரவில் ஒவ்வொரு தட்டும் வெளியே வந்ததும், அடுத்ததை வைக்கும் முன் குழாய்த் தண்ணீரில் நனைத்த துணியால் கண்ணாடியைத் துடைத்து வந்திருக்கிறார். டார்ட்டுகளில் வலப்பக்கத்து வரிசை மட்டும் நிறம் பிடிக்கவில்லை. கேஸ்கட் தளர்ந்ததால்தான் கண்ணாடி மங்குகிறது என்பது அவர் கணிப்பு.

ஆறிய பிறகு பார்த்தால் அங்கே இருந்தது ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இரண்டு கோளாறுகள். கண்ணாடியின் கீழ்ப்பாதியில், இரு கண்ணாடிகளுக்கும் நடுவே, மேலிருந்து கீழே வழிந்த வெள்ளைக் கோடுகள் நாலைந்து. அவை ஆவியே அல்ல, துணியிலிருந்து வழிந்து காய்ந்துபோன தண்ணீர்த் தடம். வலது மேல் மூலையில் தாள் வழுக்கிக்கொண்டு வந்தது, ஒரு சாண் கீழே போனதும் பிடித்தது. மூலையில் கேஸ்கட்டைத் தூக்கிப் பார்த்தபோது கொக்கி துளையை விட்டு வெளியே வந்து, வாய் விரிந்து நின்றது. துடைக்கும்போது துணி அதில் மாட்டி இழுபட்டிருக்க வேண்டும்.

கொக்கியின் வாயை மூக்குக் குறடால் மெல்ல ஒடுக்கி, துளையில் வைத்து அழுத்தியதும் சட்டென்று உட்கார்ந்தது. கேஸ்கட் எங்கும் வெடிக்கவில்லை, விரலால் அமுக்கி விட்டால் பழையபடி எழும்பியது, அதனால் புதிது வாங்க வேண்டியிருக்கவில்லை. மறுபடி தாள் வைத்துப் பார்த்ததில் சுற்றிலும் பிடித்தது. கரண்டியும் வலப்பக்கம் மங்கவில்லை. அடுத்த தட்டு டார்ட் இரு பக்கமும் ஒரே நிறத்தில் வந்தது. நடுவில் இருந்த கோடுகளை, வீட்டு உரிமையாளர் அனுப்பிய பழுதுபார்ப்பவர் கதவைக் கழற்றி உள் கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போக்கினார்.

கேஸ்கட்டை ஒட்டுப் பசையால் ஒட்டிவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். சாதாரணப் பசை சூட்டில் புகையும், நாறும். நாளைக்குப் புதுக் கேஸ்கட் போட நினைத்தால் காய்ந்த பசை கொக்கித் துளையை அடைத்திருக்கும். கேஸ்கட் கெட்டித்துப் பளபளத்து, அமுக்கினால் எழும்பாமல் கிடந்தால் மாற்ற வேண்டியதுதான். ஓவனைத் திறந்து வாயின் சட்டத்தில் பாருங்கள், மாடல் எண் போட்ட தகடோ ஸ்டிக்கரோ இருக்கும். அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு அந்த எண்ணுக்கே உரிய கேஸ்கட்டைக் கேளுங்கள். நீளம் ஒத்துப் போனால் போதாது, கொக்கிகளின் இடைவெளியும் ஒத்துப் போக வேண்டும்.

குளிர்ந்த தண்ணீர் என்ன செய்கிறது

200 டிகிரியில் கேக் வெந்த ஓவனின் உள் கண்ணாடி, ஓவனின் உட்புறம் அளவுக்கு இல்லாவிட்டாலும், கொதிக்கும் தண்ணீரை விடச் சூடாகவே இருக்கும். நம் குழாய்த் தண்ணீர் அறைச் சூட்டில் இருக்கும். அதில் நனைத்த துணி பட்டதும், பட்ட இடத்தின் மேல்தோல் மட்டும் சட்டென்று ஆறிச் சுருங்கப் பார்க்கும். கண்ணாடி சூட்டைக் கடத்துவதில் மிகவும் மந்தம், அதனால் அடியில் உள்ள பகுதியும் சுற்றியுள்ள பகுதியும் இன்னும் விரிந்தே நிற்கும். மேல்தோலைச் சுருங்க விடாமல் அவை இழுத்துப் பிடிக்கும். அமுக்கினால் கண்ணாடி நன்றாகத் தாங்கும், இழுத்தால் தாங்காது. இரும்பில் சூடு வேகமாகப் பரவிச் சமமாகிவிடும், இரும்பு கொஞ்சம் நெளிந்தும் கொடுக்கும். தோசைக்கல் பிழைப்பது அதனால்தான்.

"நான் இத்தனை நாள் துடைத்தேன், ஒன்றும் ஆகவில்லையே" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஓவன் கதவுக்குப் போடுவது பெரும்பாலும் பதப்படுத்திய கண்ணாடி. அதைச் செய்யும்போதே மேல்தோல் அமுங்கிய இறுக்கத்திலும் நடுப்பகுதி இழுப்பிலும் இருக்கும்படி செய்துவிடுவார்கள். தண்ணீர் தரும் இழுப்பு முதலில் அந்த இறுக்கத்தைத் தின்ன வேண்டும். கீறலில்லாத புதுக் கண்ணாடி சுமார் 200 டிகிரி வித்தியாசம் வரை கூடத் தாங்கும். ஆனால் இரும்பு நாரால் தேய்த்த கீறல், தட்டின் விளிம்பு இடித்த சின்ன வடு, ஓரத்தில் யாரும் பார்க்காமல் சில்லுப் பெயர்ந்த இடம், இவை அந்த இறுக்கமான தோலை அறுத்து வைத்திருக்கும். அங்கே தண்ணீர் பட்டால் கீறல் ஆழமாகும். அது நடுவே உள்ள இழுப்புப் பகுதியை எட்டியதும் கண்ணாடி ஒரு விரிசலோடு நிற்காது, முழுதும் ஒரே நொடியில் சிறு கட்டிகளாக நொறுங்கும். துடைத்த அன்றைக்கே நொறுங்க வேண்டும் என்பதும் இல்லை. கீறல் வளர்ந்து வளர்ந்து, ஒரு நாள் யாரும் தொடாதபோது, சும்மா சூடேறும்போது நொறுங்கலாம். காரணத்தைப் பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாமல் போவது இதனால்தான்.

கண்ணாடியோடு நிற்பதும் இல்லை. ஓவனின் உட்சுவரில் பூசியிருக்கும் எனாமல், இரும்பின் மேல் உருக்கி ஒட்டிய ஒரு வகைக் கண்ணாடிதான். சூட்டில் தண்ணீர் பட்டால் அதில் மயிரிழை விரிசல் ஓடும், பிறகு செதிலாகப் பெயரும், வெளியே தெரியும் இரும்பு நம் ஈரக் காற்றில் துருப் பிடிக்கும். உள் விளக்கின் மேல் சொட்டுப் பட்டால் அதன் மூடியோ பல்போ வெடிக்கலாம். எல்லாவற்றுக்கும் முன்னால் கை வெந்துபோகும். சூடான கண்ணாடியில் தண்ணீர் அந்தக் கணமே ஆவியாகி, துணி வழியாக விரல்களுக்குத்தான் வரும்.

கண்ணாடி வெடிக்குமோ என்று பயந்து வெந்நீரில் நனைத்துத் துடைக்கலாமே என்று தோன்றும். வெந்நீர் குளிர்ந்த தண்ணீரை விடப் பரவாயில்லை, ஆனாலும் 150 டிகிரி கண்ணாடிக்கு 60 டிகிரி தண்ணீரும் குளிர்தான். காத்திருப்பதுதான் வழி.

எப்போது, எப்படித் துடைப்பது

சமைத்து முடித்ததும் ஓவனை அணைத்து, கதவை மூடியபடியே விடுங்கள். கதவைக் கொஞ்சம் திறந்து வைத்து ஆற விட்டால் மேலே எழும் சூடு பொத்தான்களையும் அலமாரிப் பலகையையும் தாக்கும். அணைத்த பிறகும் விசிறி ஓடிக்கொண்டிருந்தால் உள்ளே இன்னும் சூடு இருக்கிறது என்று பொருள். விசிறி நின்றால் ஆறிவிட்டது என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள், கண்ணாடி அதற்குப் பிறகும் நெடுநேரம் சூடாக இருக்கும். ஒரு மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்து, உள் கண்ணாடிக்கு அருகே உள்ளங்கையைக் கொண்டுபோங்கள். சூடு முகத்தில் அடித்தால் மூடிவிடுங்கள். தயக்கமில்லாமல் உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்துப் பத்து எண்ண முடிந்தால்தான் துணியை எடுக்கலாம். இரவில் சமைப்பவர்கள் காலையில் துடைப்பது எல்லாவற்றிலும் எளிது.

வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரச் சோப்பு ஒரு சொட்டு. துணியை நனைத்து, இனி ஒரு சொட்டும் விழாது என்கிற வரை பிழியுங்கள். இந்தப் பிழிவில்தான் கண்ணாடிகளுக்கு நடுவே கோடு விழுவதும் விழாததும் இருக்கிறது. கதவைக் கீழே சாய்த்து வைத்திருக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைக்காதீர்கள், தண்ணீர் இடுக்குப் பக்கம் ஓடும். ஓரத்திலிருந்து நடுவுக்குத் துடையுங்கள். திரவம் தெளிக்கும் பாட்டில் வைத்திருந்தால் கண்ணாடியில் தெளிக்காமல் துணியில் தெளியுங்கள்.

கருகிய எண்ணெய்க்குச் சமையல் சோடாவைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, கண்ணாடியில் மட்டும் பூசி அரை மணி நேரம் விட்டால் இளகும். கேஸ்கட்டிலும் ஓரத்து அலுமினியப் பட்டையிலும் அது படக் கூடாது. அன்னாசி ஜாம் சிந்திக் கெட்டியாகிவிட்டால், ஈரத்துணியை அதன் மேல் அரை மணி நேரம் போட்டு வைத்தால் சர்க்கரை கரைந்து தானே வரும். இரும்பு நார், கத்தி, சுரண்டி எதுவும் வேண்டாம். அவை போடும் கீறல்தான் பின்னால் கண்ணாடியை உடைப்பது.

சிலிகான் கேஸ்கட்டை அதே பிழிந்த துணியால் ஒற்றி எடுக்கலாம். நார்க் கயிறாக இருந்தால் தண்ணீர் காட்டவே வேண்டாம், அது உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கடைசியாக உலர்ந்த துணியால் ஒரு தடவை துடைத்து, கதவை அரை மணி நேரம் திறந்தே வைத்து உலர விடுங்கள். ஈரத்தோடு மூடினால் கேஸ்கட் மடிப்பில் பூஞ்சை பூக்கும், அடுத்த தடவை ஆவியும் கூடுதலாக வரும்.

கண்ணாடியில் விரிசல் தெரிந்தாலோ நொறுங்கினாலோ

கதவைத் திறக்காதீர்கள், உள்ளே கேக் இருந்தாலும். சுவர் சுவிட்சில் அணைத்து, குழந்தைகளைச் சமையலறைக்கு வெளியே அனுப்பி, முழுதும் ஆறும் வரை விட்டுவிடுங்கள். உள் கண்ணாடி மட்டும்தானே போயிருக்கிறது, வெளிக் கண்ணாடி இருக்கிறதே என்று ஓவனைப் பயன்படுத்தக் கூடாது. உள் கண்ணாடி இல்லாவிட்டால் வெளிக் கண்ணாடி தாங்க முடியாத அளவு சூடாகும். உள்ளே இருந்த உணவில் கண்ணாடித் துகள் விழுந்திருக்கும், அதைக் கொட்டிவிடுங்கள். கை சுட்டிருந்தால் ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள், பற்பசையோ நெய்யோ போடாதீர்கள். காயம் பெரிதென்றால் 995.

நொறுங்கியதை அள்ளும்போது செருப்பும் கனமான கையுறையும் வேண்டும். பல தாள் செய்தித்தாளில் சுற்றி, ஓர் அட்டைப் பெட்டிக்குள் வைத்து நாடா ஒட்டி, மேலே கண்ணாடி என்று எழுதிவிடுங்கள். அப்படியே பையில் போட்டுக் குப்பைக் குழாயில் தள்ளினால் கீழே அதை எடுப்பவரின் கையைக் கிழிக்கும். அள்ளும் முன்பே கதவையும் மாடல் எண் தகட்டையும் படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்புங்கள். அந்த எண் இருந்தால்தான் சரியான கண்ணாடியை வாங்க முடியும்.